ஜாவாவுக்குத் தெரியாத கையெழுத்து

மைன்கிராஃப்ட் விளையாட்டின் 1.12.2 பதிப்பு 2017 செப்டம்பரில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய பதிப்பை விட்டு நகராத ஒரு கூட்டம் இன்றும் இருக்கிறது. காரணம் 'மாட்'கள். ரயில் பாதை போட, தொழிற்சாலை கட்ட, மந்திரம் பழக என்று ஆர்வலர்கள் எழுதிச் சேர்த்த துணை நிரல்கள் இவை. இவற்றில் பல, குறிப்பிட்ட ஒரு பதிப்புக்காகவே எழுதப்பட்டவை. பதிப்பை மாற்றினால் மாட் ஓடாது. மாட் ஓடாவிட்டால், ஆண்டுக்கணக்கில் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய ஊரும் இல்லை.

அப்படி ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஐவரில் ஒருவர் சர்வரை நடத்துகிறார். ஒரு சிறு இணையதளத்தையும் வைத்திருக்கிறார். விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மாட் அந்தத் தளத்துக்குப் போய், புதிய கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து இறக்கிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் அவர் தளத்தைக் குறைந்த வாடகைக்குக் கிடைத்த வேறொரு சர்வருக்கு மாற்றுகிறார். அன்று மாலை மூவருக்கு எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. இருவருக்கு மட்டும் 'இணைப்பு தோல்வி' என்று வருகிறது. அந்த இருவரும் தங்கள் கணினியில் எதையும் தொடவில்லை. அதே முகவரியைக் குரோமில் திறந்தால் தளம் ஒழுங்காகத் திறக்கிறது, பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் இல்லை.

இணையம் மெதுவாக இருக்கிறது, ஆன்டிவைரஸ் தடுக்கிறது, சர்வர் படுத்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் விளையாட்டு எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் இருக்கிறது. விண்டோஸில் `.minecraft` கோப்புறைக்குள் `logs` என்ற இடத்தில் `latest.log` என்ற பெயரில் அது கிடைக்கும். திறந்து தேடினால் இந்த வரி கண்ணில் படும்:

```
javax.net.ssl.SSLHandshakeException:
sun.security.validator.ValidatorException:
PKIX path building failed: ...
unable to find valid certification path
to requested target
```

பார்க்க மிரட்டலாக இருந்தாலும் இதில் ஒரு தெளிவான செய்தி இருக்கிறது. 'இந்தத் தளம் காட்டிய சான்றிதழிலிருந்து, நான் நம்பும் ஒருவர் வரை போய்ச் சேர எனக்கு வழி கிடைக்கவில்லை' என்கிறது ஜாவா. மைன்கிராஃப்ட் ஜாவாவில் எழுதப்பட்டது. அதற்காக இணையத்தோடு பேசுவதும் சான்றிதழைச் சரிபார்ப்பதும் ஜாவாவின் வேலை.

மாதிரிக் கையெழுத்துப் புத்தகம்

ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். நகலில் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பம் உண்மையா என்று பார்க்க எழுத்தரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. எந்தெந்த அதிகாரிகளை ஏற்கலாம் என்ற பெயர்களும், அவர்களுடைய மாதிரிக் கையெழுத்துகளும் அதில் இருக்கின்றன. கையெழுத்து புத்தகத்தோடு ஒத்துப்போனால் விண்ணப்பம் உள்ளே போகும். இல்லாவிட்டால் திரும்பி வரும்.

`https` என்று தொடங்கும் எந்த முகவரியைத் திறந்தாலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. தளம் தன் பெயர் பொறித்த ஒரு சான்றிதழை நீட்டும். அதில் ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் இடைநிலைச் சான்றிதழ் கையெழுத்திட்டிருக்கும். அந்த இடைநிலைச் சான்றிதழில் அதே நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் கையெழுத்திட்டிருக்கும். சங்கிலி அதோடு முடிகிறது, ஏனென்றால் மூலச் சான்றிதழுக்கு மேலே கையெழுத்திட யாரும் இல்லை. அது ஏற்கெனவே நம் கணினியில் இருக்கும் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். இருந்தால் நம்பிக்கை, இல்லாவிட்டால் மறுப்பு.

பலருக்கும் தெரியாத செய்தி, ஒரே கணினியில் இப்படிப் பல புத்தகங்கள் இருக்கின்றன என்பதுதான். விண்டோஸுக்கு ஒன்று உண்டு. பயர்பாக்ஸ் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. குரோமும் இப்போது அப்படித்தான். ஜாவாவுக்கும் தனிப் புத்தகம் உண்டு. `cacerts` என்ற பெயரில் ஜாவா கோப்புறைக்குள் `lib\security` என்ற இடத்தில் அது இருக்கிறது. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது, அதன் புத்தகமும் கூடவே புதிதாகிறது. ஜாவாவின் புத்தகமோ அந்த ஜாவாவை அச்சடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். நம் நண்பர்களின் தளம் குரோமில் திறந்ததற்கும் விளையாட்டில் திறக்காததற்கும் இதுவே காரணம். கேள்வி ஒன்றுதான், பதில் தேடிய புத்தகங்கள் வேறு.

இரண்டு மாத இடைவெளி

மைன்கிராஃப்டின் பழைய பதிப்புகளுக்கு லாஞ்சர் தானே ஒரு ஜாவாவைக் கொண்டுவந்து வைக்கும். தனியாக ஜாவா நிறுவத் தெரியாதவர்களுக்கு அது பெரிய வசதி. அப்படி நெடுங்காலமாக வந்த ஜாவா, எட்டாம் பதிப்பின் 51ஆம் அப்டேட். திரையில் `1.8.0_51` என்று காட்டும். அது வெளியானது 2015 ஜூலையில்.

அதே ஆண்டு செப்டம்பரில், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சான்றளிப்பு நிறுவனம் தன் முதல் சான்றிதழை வழங்கியது. அதுவரை சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த சிறு தளங்களுக்கு அது இலவசமாகவும் தானியங்கியாகவும் சான்றிதழ் கொடுத்தது. இன்று தன்னார்வலர்கள் நடத்தும் எண்ணற்ற தளங்களில் இருப்பது அதன் சான்றிதழ்தான். அதன் மூலச் சான்றிதழின் பெயர் `ISRG Root X1`. 2015 ஜூன் 4 அன்று உருவானது.

புதிதாகப் பிறந்த மூலச் சான்றிதழை எந்தப் புத்தகமும் உடனே சேர்த்துக்கொள்வதில்லை. தணிக்கை, விண்ணப்பம், பரிசீலனை என்று ஆண்டுகள் ஆகும். எனவே லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு மூத்தவரின் துணையோடு தொடங்கியது. ஐடென்ட்ரஸ்ட் நிறுவனத்தின் `DST Root CA X3` என்ற மூலச் சான்றிதழ் 2000 முதல் புழக்கத்தில் இருந்தது. அது புதியவருக்காகக் குறுக்குக் கையெழுத்துப் போட்டது. பெரியவரை அறிந்த புத்தகங்கள் அவர் சொல்லை நம்பிப் புதியவரை ஏற்றன.

ஜாவாவின் புத்தகத்தில் அந்தப் பெரியவரும் அப்போது இல்லை. அவர் இடம்பெற்றது ஜாவா 8-ன் 101ஆம் அப்டேட்டில். `ISRG Root X1` நேரடியாக இடம்பெற்றது 141ஆம் அப்டேட்டில். 51ஆம் அப்டேட்டைப் பொறுத்தவரை இருவருமே முன்பின் அறியாதவர்கள்.

இப்போது ஐந்து நண்பர்களின் புதிர் அவிழ்கிறது. பழைய சர்வரில் இருந்த சான்றிதழ், 2015க்கு வெகுகாலம் முன்பே ஜாவாவின் புத்தகத்தில் ஏறிவிட்ட ஒரு நிறுவனம் தந்தது. புதிய சர்வரில் இருப்பது லெட்ஸ் என்கிரிப்டின் இலவசச் சான்றிதழ். இருவருடைய கணினியில் லாஞ்சர் தந்த பழைய ஜாவா ஓடுகிறது. மற்ற மூவர் எப்போதோ ஒரு புதிய ஜாவா 8 நிறுவி, அதை விளையாட்டுக்கும் காட்டியிருக்கிறார்கள். இந்த இருவர் எதையும் மாற்றவில்லை என்பது உண்மைதான். மாற்றாமல் விட்டதே இங்கே காரணமாகிவிட்டது.

காலாவதியும் அறியாமையும் ஒன்றல்ல

இப்படி ஒரு பிழை வந்ததும் 'சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது' என்று முடிவு கட்டுவது வழக்கம். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். அதைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல் சர்வரில் நின்றுபோனால், அடுத்த சில வாரங்களில் தளம் காலாவதிச் சான்றிதழோடு நிற்கும். ஆனால் அந்த நோய்க்கு அறிகுறி வேறு. ஜாவாவின் பதிவில் `CertificateExpiredException` என்ற சொல்லும், அதன் பக்கத்தில் `NotAfter` என்று ஒரு தேதியும் வரும். குரோமிலும் அதே தளம் எச்சரிக்கை காட்டும். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் பிழை. ஆடுபவர் தன் கணினியில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சர்வரை நடத்துபவரிடம் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும், அவர் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு பிழைக்கு `CertificateNotYetValidException` என்று பெயர். 'இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை' என்பது பொருள். பெரும்பாலும் குற்றவாளி கணினியின் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வரும்போதும் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதியைச் சரிசெய்து பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

நம் நண்பர்களின் பதிவில் தேதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே இருப்பது `path building failed`, அதாவது வழியே அமையவில்லை. தேதியைப் பார்க்கும் கட்டத்துக்கே ஜாவா வரவில்லை. ஆகவே புத்தகத்தில் பெயர் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், முடிவு கட்டச் சொல்லவில்லை. ஏனென்றால் இதே வரி இன்னொரு காரணத்தாலும் வரும். சர்வரை அமைத்தவர் தளத்தின் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு, இடைநிலைச் சான்றிதழைக் கூட அனுப்ப மறந்திருக்கலாம். சங்கிலியில் நடுக்கண்ணி இல்லை. குரோம் போன்ற உலாவிகள் அந்தக் கண்ணியைத் தாமே தேடி எடுத்துக்கொள்வதால் அங்கே குறை தெரியாது. ஜாவா இயல்பாகத் தேடாது. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை, புதிய ஜாவா 8 வைத்திருக்கும் நண்பருக்கும் இதே பிழை வருகிறதா என்று பார்ப்பது. அவருக்கும் வந்தால் சர்வரில் கண்ணி விடுபட்டிருக்கிறது. அவருக்கு வராமல் உங்களுக்கு மட்டும் வந்தால் உங்கள் புத்தகம் பழையது.

மூலச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு என்பதால், காலாவதியும் அறியாமையும் கைகோத்து வரும் நாட்களும் உண்டு. குறுக்குக் கையெழுத்துப் போட்ட அந்த மூத்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களின் புத்தகத்தில் புதியவரின் பெயர் இல்லை, பெரியவரின் பெயர் மட்டுமே இருந்தது. கோடிக்கணக்கான தளங்கள் அவற்றில் திறக்காமல் போயிருக்கும். தன் புத்தகத்தில் உள்ள மூலச் சான்றிதழின் முடிவுத் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்ற ஒரு விவரம் கைகொடுத்தது. அதை வைத்துக் குறுக்குக் கையெழுத்தை இன்னும் மூன்று ஆண்டுகள் நீட்டித்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று அதுவும் முடிந்தது. இனி `ISRG Root X1` என்ற பெயர் புத்தகத்தில் இருந்தே ஆக வேண்டும், பெரியவரின் துணை கிடைக்காது.

சரிசெய்யும் விதம்

முதலில் எந்த ஜாவா ஓடுகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். 1.12.2 விளையாட்டுக்குள் போய் F3 விசையை அழுத்தினால், திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஜாவாவின் பதிப்பு தெரியும். `1.8.0_51` என்று இருந்தால் சந்தேகம் வலுக்கும். கணினியில் வேறு புதிய ஜாவா இருக்கலாம், ஆனால் விளையாட்டு எதைப் பயன்படுத்துகிறது என்பதே முக்கியம். 'நான்தான் போன மாதம் ஜாவா அப்டேட் செய்தேனே' என்று சொல்பவர்கள் இடறும் இடம் இது.

நல்ல மருந்து, ஜாவா 8-ன் அண்மை அப்டேட் ஒன்றை நிறுவுவது. அடாப்டியம் திட்டத்தின் டெமுரின் என்ற வெளியீட்டில் அது இலவசமாகக் கிடைக்கிறது. 64 பிட் பதிப்பை எடுக்க வேண்டும். பிறகு லாஞ்சரில் அந்த விளையாட்டுப் பதிப்பின் அமைப்புக்குள் போய், ஜாவா நிரல் எங்கே என்று கேட்கும் இடத்தில் புதிய கோப்புறையில் உள்ள `javaw.exe`-ஐக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பட்டியலோடு சேர்ந்து இத்தனை ஆண்டுகளின் மற்றப் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதியது வேண்டும் என்பதற்காக ஜாவா 17 அல்லது 21-க்குத் தாவினால், மாட்களோடு கூடிய 1.12.2 தொடக்கத்திலேயே விழுந்துவிடும். ஜாவா 9-ல் நிரல்களை ஏற்றும் முறை உள்ளுக்குள் மாறியது. பழைய மாட்களை ஏற்றும் கருவி பழைய முறையையே எதிர்பார்க்கிறது. பதிவில் `URLClassLoader` என்ற சொல்லோடு பிழை வந்தால், தேவைக்கு மேல் புதிய ஜாவாவைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். எண் 8-ஆகவே இருக்கட்டும், அதன் அப்டேட் புதிதாக இருக்கட்டும்.

ஏதோ காரணத்தால் ஜாவாவை மாற்றவே முடியாது என்றால், புத்தகத்தில் விடுபட்ட ஒரு பெயரைக் கையால் சேர்க்கலாம். லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து `isrgrootx1.pem` என்ற கோப்பை, புதுப்பிக்கப்பட்ட உலாவி ஒன்றின் வழியே இறக்கிக்கொள்ள வேண்டும். `cacerts` கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இறக்கிய கோப்பை ஜாவா கோப்புறைக்குள் வைத்து, அங்கே நின்று இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
bin\keytool -importcert -alias isrgrootx1 ^
 -file isrgrootx1.pem ^
 -keystore lib\security\cacerts ^
 -storepass changeit
```

`changeit` என்பது ஜாவாவோடு வரும் வழக்கமான கடவுச்சொல். கட்டளை ஓடியதும் சான்றிதழின் விவரங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். உடனே ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. அதில் வரும் `SHA256` கைரேகை `96:BC:EC:06` என்று தொடங்கி `DF:08:C6` என்று முடிகிறதா என்று பார்த்து, நடுவில் உள்ளதையும் நம்பகமான ஒரு மூலத்தில் காணும் கைரேகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எழுத்தரின் புத்தகத்தில் நாமே ஒரு பெயரை எழுதுகிறோம். தவறான பெயரை எழுதிவிட்டால், இனி அந்தப் பெயரில் யார் எதைக் கொண்டுவந்தாலும் எழுத்தர் உள்ளே விடுவார்.

எழுத்தரை எழுப்பி அனுப்பாதீர்கள்

சரிபார்ப்பையே நிறுத்திவிடும் சின்னச் சின்ன நிரல்களும் உலவுகின்றன. எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி ஜாவாவுக்குச் சொல்லிவிடுவார்கள். பிழை உடனே மறையும், விளையாட்டும் ஓடும். ஆனால் அந்த இணைப்பின் வழியே இறங்குவது என்ன என்று யோசிக்க வேண்டும். மாட் என்பது வெறும் படமோ பாட்டோ அல்ல. அது ஒரு முழு நிரல். கணினியில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யும். சேமித்த கடவுச்சொற்களைப் படிக்கும், மைன்கிராஃப்ட் கணக்கின் நுழைவுச் சாவியை எடுத்து வெளியே அனுப்பும்.

இது கற்பனை பயம் அல்ல. 2023 ஜூனில் 'ஃபிராக்சரைசர்' என்று பெயரிடப்பட்ட தீநிரல் மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் ஒளிந்து பரவியது. அது மாட் எழுதியவர்களின் கணக்குகள் கைப்பற்றப்பட்டதால் நேர்ந்தது, சான்றிதழ்ச் சரிபார்ப்பால் அதைத் தடுத்திருக்க முடியாது. ஒரு மாட் கெட்டால் என்னவெல்லாம் செய்யும் என்பதை மட்டும் அது காட்டியது. சரிபார்ப்பை நிறுத்திவிட்டால் அந்தக் கெடுதலைச் செய்ய யாருடைய கணக்கையும் கைப்பற்ற வேண்டியதில்லை. விடுதியிலோ கடையிலோ ஒரே வைஃபையில் இருப்பவர் நடுவில் நுழைந்து, தளம் அனுப்பும் கோப்புக்குப் பதிலாகத் தன் கோப்பைக் கொடுத்துவிடலாம். கண்டுபிடிக்க இருந்த ஒரே ஆளை நாம் எழுப்பி அனுப்பிவிட்டோம்.

கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னொரு குறுக்குவழி. காலாவதிச் சான்றிதழை அது ஒரு கணம் உயிர்ப்பிக்கலாம். ஆனால் மற்றத் தளங்கள் பலவற்றின் சான்றிதழ்கள் சில வாரங்களுக்கு முன் பிறந்தவை. மூன்று மாதம் பின்னே போனால் அவையெல்லாம் 'இன்னும் தொடங்கவில்லை' என்று நிராகரிக்கப்படும். ஒன்றைத் திறக்கப் போய் மற்றதையெல்லாம் மூடிக்கொள்வோம்.

பட்டியலைப் புதுப்பித்தும் தீராத விளையாட்டுகள் உண்டு. சில விளையாட்டுகள் தாங்கள் ஏற்கும் சான்றிதழைத் தங்கள் நிரலுக்குள்ளேயே பொறித்து வைத்திருக்கும். தயாரித்தவர் புதிய பதிப்பு தராமல் அதைத் தொட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து விளையாட்டு ஒன்று அந்த விண்டோஸின் வழியே பேசுகிறது என்றால், அதற்கு இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பேச்சுமுறையே தெரியாது. சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே பேச்சு முறிந்துவிடும். பதிவில் `handshake_failure` அல்லது `protocol_version` என்று வந்தால் அந்தப் பக்கம் தேட வேண்டும்.

நம் நண்பர்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இருவரும் புதிய ஜாவா 8 நிறுவி, லாஞ்சரில் அதைக் காட்டி, விளையாட்டைத் திறக்கிறார்கள். F3 அழுத்தினால் `1.8.0_` என்பதற்குப் பின்னால் பெரிய எண் தெரிகிறது. மாட் தளத்துக்குப் போய்க் கோப்பை எடுத்து வருகிறது. பதிவில் அந்த நீளமான வரி இல்லை. ஊர் இருந்தபடியே இருக்கிறது.

அவர்கள் நிறுவிய புத்தகத்தில் `ISRG Root X1` பெயருக்கு எதிரே ஒரு முடிவுத் தேதியும் இருக்கிறது: 2035 ஜூன் 4. அதற்கு முன்பே சான்றளிப்பு நிறுவனங்கள் புதிய மூலச் சான்றிதழ்களுக்கு மாறிக்கொண்டே போகும். இன்றைய புதிய ஜாவாவும் அன்றைக்கு அவற்றை அறியாத பழைய ஜாவா ஆகிவிடும். அப்போதும் 1.12.2 ஆடுகிறவர்கள் இருந்தால், அவர்கள் முதலில் திறக்க வேண்டியது `latest.log`. அதில் தேதி இருக்கிறதா, வழி இல்லை என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.